இரண்டே இரண்டு ஏடிபி: ஈஸ்டும் தசையும் ஒரே கணக்கில் வந்து நின்ற கதை

போன பருவத் தேர்வில் ஒரு கேள்வி. "நொதித்தலில் குளுக்கோஸ் ஒன்றுக்கு 2 ஏடிபி மட்டுமே கிடைப்பது ஏன்?" நான் எழுதியது ஒரே வரி: "ஆக்சிஜன் இல்லாததால்." பாதி மதிப்பெண் கொடுத்து, பக்கத்தில் சிவப்பு மையில் "ஏன்?" என்று எழுதியிருந்தார் ஆசிரியர். முதலில் கோபம்தான் வந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதினேன்! பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். ஆக்சிஜன் இல்லை, சரி. அதனால் ஏன் சரியாக 2? ஏன் 5 இல்லை, ஏன் 1 இல்லை?

இதற்குப் பதில் தேடப் போனால் அது நூறு வருடக் கதையாக இருந்தது. சாராயத்தைப் பற்றி ஆராய்ந்தவர்களும் தவளைக் காலைப் பற்றி ஆராய்ந்தவர்களும் தனித்தனியாகக் கிளம்பி, நடுவழியில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட கதை. எனக்குப் பிடித்திருந்தது, அதனால் எழுதுகிறேன்.

பாஸ்டரில் இருந்து தொடங்கலாம். 1856-ல் பிரான்சின் லில் நகரத்தில் பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் காய்ச்சிய ஒருவருக்குத் தொட்டிகள் புளித்துப் போயின. அவருடைய மகன் பாஸ்டரின் மாணவன். அந்த வழியாகத்தான் பாஸ்டர் இதற்குள் வந்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள், கெட்ட தொட்டியில் வேறு மாதிரியான நுண்ணுயிர்களும் லாக்டிக் அமிலமும். இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் சொல்லப்படாதது 1861-ல் அவர் போட்ட ஒரு எடைக் கணக்கு. காற்று தாராளமாகக் கிடைத்தால் ஒரு பங்கு ஈஸ்ட் வளர 4 முதல் 10 பங்கு சர்க்கரை போதும். காற்றை அடைத்துவிட்டால் அதே ஒரு பங்கு ஈஸ்டுக்கு 60 முதல் 80 பங்கு சர்க்கரை செலவாகிறது. காற்றில்லாத ஈஸ்ட் சர்க்கரையை வாரி வாரி விழுங்குகிறது, ஆனால் உடம்பு வளரவில்லை.

ஏடிபி என்ற பெயர் பிறக்க இன்னும் எழுபது வருடம் இருக்கிறது. ஆனால் "காற்று இல்லாவிட்டால் ஒரே சர்க்கரையில் கிடைப்பது மிகக் கொஞ்சம்" என்பது அன்றைக்கே தராசில் தெரிந்துவிட்டது. நொதித்தல் என்பது காற்றில்லாத வாழ்க்கை என்றார் பாஸ்டர். உயிருள்ள செல் இருந்தால்தான் அது நடக்கும் என்றும் அடித்துச் சொன்னார்.

அந்த இரண்டாவது பகுதியை 1897-ல் எட்வர்ட் புக்னர் உடைத்தார். ஈஸ்டை மணலோடும் ஒருவகைக் களிமண் போன்ற பொடியோடும் சேர்த்து அரைத்து, அழுத்திச் சாறு பிழிந்தார். அந்தச் சாறு மருத்துவ ஆராய்ச்சிக்காகத் தயாரானது. கெடாமல் இருக்கட்டும் என்று, வீட்டில் பழத்துக்குச் செய்வதுபோல், நிறையச் சர்க்கரை போட்டார்கள். சாறு நுரைக்கத் தொடங்கிவிட்டது! உள்ளே ஒரு உயிருள்ள செல்கூட இல்லை, ஆனால் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, ஆல்கஹால் உருவாகிறது. 1907-ல் இதற்காக நோபல் பரிசு. இனி நொதித்தலைச் செல்லுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, குடுவையில் ஊற்றிப் பார்க்கலாம்.

இங்கேதான் என் கதையின் நாயகர்கள் வருகிறார்கள். லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்ற இருவர். புக்னரின் சாற்றில் ஒரு தொந்தரவு இருந்தது. சர்க்கரை போட்டவுடன் வேகமாக நுரைக்கும், சிறிது நேரத்தில் வேகம் விழுந்துவிடும். சர்க்கரை தீரவில்லை. நொதிகள் அழிந்துபோயினவா என்றால், அதுவும் முழுக் காரணம் இல்லை. கொதிக்க வைத்து ஆறவைத்த ஈஸ்ட் சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் மறுபடியும் வேகம் பிடிக்கிறது. கொதிக்க வைத்த சாற்றில் நொதி எதுவும் பிழைத்திருக்க முடியாது, அப்படியானால் அதில் வேறு என்ன இருக்கிறது?

தேடியதில் ஒன்று பாஸ்பேட் என்று தெரிந்தது. சாதாரண பாஸ்பேட் உப்பு. இதை வெறும் "ஊக்கம் தரும் உப்பு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அவர்கள் அளந்தார்கள். ஓய்ந்துபோன சாற்றில் ஒரு குறிப்பிட்ட அளவு பாஸ்பேட் சேர்த்தால், வாயு வேகம் சட்டென்று எகிறுகிறது, பிறகு பழைய மந்த நிலைக்கே இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் கூடுதலாக வந்த கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? சேர்த்த பாஸ்பேட்டுக்குச் சமம், மூலக்கூறுக்கு மூலக்கூறு. இன்னொரு முறை அதே அளவு சேர்த்தால் மறுபடி அதே அளவு வாயு.

சரி, சேர்த்த பாஸ்பேட் எங்கே போனது? வழக்கமாக மக்னீசியம் கலவை சேர்த்தால் பாஸ்பேட் வெள்ளையாகப் படியும். இங்கே படியவில்லை. அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாஸ்பேட் இரண்டு ஒட்டிய ஒரு சர்க்கரை. இன்று ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட் என்று படிக்கிறோமே, அதுதான். ரொம்ப நாள் அதற்கு ஹார்டன்-யங் எஸ்டர் என்றுதான் பெயர். இருவரும் எழுதிய சமன்பாடு இது:

```
2 C6H12O6 + 2 H3PO4 → 2 CO2 + 2 C2H5OH + 2 H2O + C6H10O4(PO4H2)2
```

இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டு சர்க்கரை உள்ளே போகிறது. ஒன்று முழுவதும் ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறுகிறது. இன்னொன்று உடையவே இல்லை, இரண்டு பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு சர்க்கரை நொதித்தால் எதற்காக இன்னொன்று பாஸ்பேட் மாட்டிக்கொள்ள வேண்டும்? ஹார்டனுக்குத் தெரியவில்லை. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோதும் இதற்கு முழுப் பதில் இல்லை. பரீட்சையில் என்னிடம் கேட்ட அந்த "ஏன் 2?"-க்கான விடை இந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டு தவளைப் பக்கம் போய் வருவோம்.

தசையில் லாக்டிக் அமிலம் இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியும், பெர்சீலியஸ் கண்டது. ஆனால் உழைத்த தசையில் அது கூடுகிறதா இல்லையா என்பதில் நூறு வருடச் சண்டை. ஆளுக்கொரு எண் சொன்னார்கள். காரணம் வேடிக்கையானது. அமிலத்தை அளக்கத் தசையை நறுக்கி அரைக்க வேண்டும். நறுக்கி அரைப்பதே தசைக்குப் பெரிய தொல்லை, அந்த நேரத்தில் அது தன்பாட்டுக்கு லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிவிடும். ஓய்வில் இருந்த தசை, உழைத்த தசை இரண்டுமே அளக்கும்போது ஒரே மாதிரி புளித்திருக்கும்.

1907-ல் கேம்பிரிட்ஜில் வால்டர் பிளெட்சரும் ஃப்ரெடெரிக் ஹாப்கின்ஸும் இதை எளிமையாகத் தீர்த்தார்கள். தவளைத் தசையை முதலில் பனிக்கட்டியாகக் குளிரவைத்த ஆல்கஹாலில் போட்டு, அதற்குள்ளேயே அரைத்தார்கள். எல்லா வேதிவினையும் அந்த நொடியில் நின்றுவிடும். இப்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஓய்வில் இருந்த தசையில் அமிலம் மிகக் குறைவு. களைத்த தசையில் அதிகம். களைத்த தசையை ஆக்சிஜனில் வைத்தால் அமிலம் மெல்ல மறைகிறது, ஆக்சிஜன் இல்லாமல் வைத்தால் மறைவதில்லை. (தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். ஓடிய மறுநாள் வரும் வலிக்கு அது காரணமில்லை, ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் இரத்தத்தில் இருந்து போய்விடும்.)

இப்போது இரண்டு கதைகள் கையில் இருக்கின்றன. ஒன்றில் சர்க்கரை ஆல்கஹால் ஆகிறது, இன்னொன்றில் லாக்டிக் அமிலம் ஆகிறது. ஒன்று பூஞ்சை, மற்றது விலங்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டோ மேயர்ஹோஃப் நினைத்தார். ஹார்டனின் கொதித்த சாற்றில் பாஸ்பேட் தவிர இன்னொரு துணைப்பொருளும் இருந்தது. அதே துணைப்பொருள் தசையிலும் இருக்கிறது என்று 1918-ல் மேயர்ஹோஃப் காட்டினார். பிறகு தசையிலிருந்தும் செல் இல்லாத சாறு எடுத்தார், புக்னர் ஈஸ்டில் செய்தது போலவே. அந்தத் தசைச் சாறு கிளைக்கோஜனை நன்றாக லாக்டிக் அமிலமாக்கும், ஆனால் வெறும் குளுக்கோஸைக் கொடுத்தால் மந்தமாக இருக்கும். ஈஸ்டில் இருந்து எடுத்த ஒரு நொதியைச் சேர்த்தவுடன் குளுக்கோஸையும் வேகமாக உடைத்தது. ஹெக்சோகைனேஸ் என்று அவர்தான் அதற்குப் பெயர் வைத்தார். ஈஸ்டின் நொதி தவளையின் சாற்றில் போய் வேலை செய்கிறது! இரண்டும் ஒரே பாதை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மேயர்ஹோஃப் ஒரு இடத்தில் சறுக்கினார். லாக்டிக் அமிலம் உருவாவதே தசை சுருங்கக் காரணம் என்று அன்றைக்கு நம்பினார்கள், அவரும் நம்பினார். 1930-ல் கோபன்ஹேகனில் எய்னார் லுண்ட்ஸ்கார்ட் என்பவர் அயோடோஅசிட்டேட் என்ற நஞ்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். நஞ்சு ஏறிய விலங்குகளின் தசைகள் விறைத்துக் கட்டையாகின, ஆனால் அவற்றில் லாக்டிக் அமிலம் துளியும் கூடவில்லை. தவளைத் தசையை எடுத்து மின்தூண்டல் கொடுத்தார். லாக்டிக் அமிலமே இல்லாமல் தசை சுருங்கியது, நிறைய தடவை சுருங்கியது, பிறகு விறைத்து நின்றது. விறைக்கும் நேரத்தில் அதில் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் தீர்ந்து போயிருந்தது. அதாவது லாக்டிக் அமிலம் சுருக்கத்துக்கான விசை இல்லை. பாஸ்பேட்தான் காசு, லாக்டிக் அமிலம் அந்தக் காசைச் சம்பாதிக்கும்போது விழுகிற சக்கை.

இந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை 1927-ல் ஹார்வர்டில் கண்டறிந்த இருவரில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1929-ல் ஏடிபியைக் கண்டறிந்ததிலும் அவர் பெயர் உண்டு. அதே வருடம் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டார். நம் பாடப்புத்தகத்தில் ஏடிபி முந்நூறு தடவை வருகிறது, சுப்பாராவ் ஒரு தடவைகூட வரவில்லை. சரி, அது வேறு வருத்தம் :-)

இனி கணக்கு. 1930-களின் முடிவில் பாதை முழுவதும் தெரிந்துவிட்டது. ஒரு குளுக்கோஸ் மீது முதலில் 2 ஏடிபி செலவழித்து இரண்டு பாஸ்பேட்டை ஒட்டவேண்டும். அப்போது கிடைப்பதுதான் ஹார்டன்-யங் எஸ்டர். அது பாதியாக உடைந்து, மூன்று கார்பன் துண்டுகள் இரண்டு ஆகின்றன. பிறகு ஒவ்வொரு துண்டும் 2 ஏடிபி தருகிறது. மொத்த வரவு 4, செலவு 2, மிச்சம் 2. இதை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். நான் கவனிக்காமல் விட்டது என்னவென்றால், அந்த 4 வரவில் 2 நாமே முதலில் ஒட்டிய பாஸ்பேட்தான், முதலீடு திரும்பி வருகிறது. புதிதாகப் பாஸ்பேட் உள்ளே வருவது ஒரே ஒரு படியில். அங்கே மூன்று கார்பன் துண்டிலிருந்து ஹைட்ரஜன் பிடுங்கப்படுகிறது, அதாவது துண்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அந்த ஆற்றலில் கரைசலில் சும்மா கிடக்கும் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. துண்டுக்கு ஒன்று, குளுக்கோஸுக்கு இரண்டு. மொத்த லாபமும் இந்தப் படியில் வருவதுதான். லுண்ட்ஸ்கார்டின் நஞ்சு அடைப்பதும் இதே படியைத்தான்.

அப்படியானால் ஏன் இன்னும் ஹைட்ரஜனைப் பிடுங்கி இன்னும் சம்பாதிக்கக் கூடாது? பிடுங்கிய ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வாங்கிக்கொள்வது என்ஏடி என்ற மூலக்கூறு (ஹார்டனின் அந்த இன்னொரு துணைப்பொருளில் முக்கியமானது இதுதான்). செல்லில் அது மிகக் கொஞ்சமே இருக்கிறது. எல்லாம் ஹைட்ரஜனைச் சுமந்துகொண்டு நின்றால் பாதை அடைத்துவிடும். ஆக்சிஜன் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா வழியாகச் சுமையை அங்கே இறக்கலாம், இறக்கும்போது ஏராளமான ஏடிபியும் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால்? சர்க்கரையின் சொந்த உடைந்த துண்டின் தலையிலேயே திருப்பிக் கட்ட வேண்டியதுதான்.

ஈஸ்டும் தசையும் பிரியும் இடம் இது ஒன்றே. தசையில் பைருவேட் அப்படியே ஹைட்ரஜனை வாங்கி லாக்டேட் ஆகிறது. ஈஸ்ட் முதலில் பைருவேட்டிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி அசிட்டால்டிஹைடு ஆக்கி, அதன்மேல் ஹைட்ரஜனை ஏற்றி ஆல்கஹால் ஆக்குகிறது. இந்தக் கடைசிப் படிகளில் இருவருக்கும் ஒரு ஏடிபிகூடக் கிடையாது. வண்டியைக் காலி செய்து திருப்பி அனுப்புவதற்காக மட்டும் செய்யும் வேலை. கழற்றும் நொதி நம் தசையில் இல்லை, அதனால் ஓடி முடித்தால் நமக்குப் போதை ஏறுவதில்லை. உறைந்த குளத்தடியில் குளிர்காலம் கழிக்கும் குரூசியன் கெண்டை மீனின் தசை லாக்டேட்டை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். அது ஒரு அபூர்வம்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், மொத்தத்தில் சர்க்கரை எரியவே இல்லை. லாக்டிக் அமிலத்தின் சூத்திரம் C3H6O3, குளுக்கோஸை நேர் பாதியாக வெட்டியது போல. ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், முழுவதும் எரிந்தால் சுமார் 2870 கிலோஜூல் கிடைக்கும். லாக்டேட் ஆனால் விடுபடுவது சுமார் 200, ஆல்கஹால் ஆனால் சுமார் 235. மீதி? நம் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிகிறதே, அந்த நீல நெருப்புதான் ஈஸ்ட் எடுக்காமல் விட்ட மீதி.

இங்கே ஒரு தப்பெண்ணமும் உடைகிறது. நொதித்தல் திறமையில்லாத வழி என்று எழுதுவோம். 2 ஏடிபியில் சேமிப்பது சுமார் 61 கிலோஜூல். தசையில் விடுபடும் 200-ல் அது கிட்டத்தட்ட 30 சதவீதம். ஆக்சிஜனோடு இன்றைய கணக்குப்படி 30 முதல் 32 ஏடிபி (பழைய புத்தகங்களின் 38 இப்போது ஏற்கப்படுவதில்லை), அதாவது 2870-ல் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே திறமைதான். நொதித்தல் கையில் வந்ததை வீணடிக்கவில்லை, கையில் வருவதே கொஞ்சம். பாஸ்டரின் தராசில் காற்றுக்கும் காற்றின்மைக்கும் இருந்த சுமார் பத்து மடங்கு இடைவெளியும் இதே திசையில்தான் இருக்கிறது, இரண்டும் ஒரே அளவீடு இல்லை என்றாலும்.

தசைக்கு ஈஸ்டை விடச் சின்ன சலுகை ஒன்று உண்டு. கிளைக்கோஜனில் தொடங்கினால் முதல் பாஸ்பேட் இலவசம், அதனால் மிச்சம் 3. அதோடு லாக்டேட் வீணாவதில்லை. இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸ் ஆகிறது, அதற்கு 6 ஏடிபி அளவு செலவு. இரண்டு சம்பாதித்து ஆறு செலவழிப்பது முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் ஓடுகிற அந்த நிமிடத்தில் தசைக்கு வேண்டியது வேகம், செலவை மூச்சு வாங்கிய பிறகு கல்லீரல் பார்த்துக்கொள்ளும்.

இனி ஹார்டனின் புதிருக்குத் திரும்புவோம். உயிருள்ள ஈஸ்ட் சம்பாதித்த 2 ஏடிபியை வளர்வதற்கும் பிழைப்பதற்கும் உடனே செலவழிக்கிறது. பிழிந்த சாற்றுக்கு வளர்வதும் இல்லை, பிழைப்பதும் இல்லை. சம்பாதித்ததைச் செலவழிக்க அதற்கு இருக்கும் ஒரே இடம் அடுத்த சர்க்கரை. ஒரு குளுக்கோஸ் நொதித்து மிஞ்சிய 2 ஏடிபியும் இன்னொரு குளுக்கோஸின் மீது இரண்டு பாஸ்பேட்டாகப் போய் உட்காருகின்றன. கரைசலில் பாஸ்பேட் தீர்கிறது, வேகம் விழுகிறது. புதிதாகப் பாஸ்பேட் சேர்த்தால் மறுபடி ஓடுகிறது. இரண்டு கார்பன் டை ஆக்சைடுக்கு இரண்டு பாஸ்பேட் என்று அவர் அளந்ததுதான் நம் புத்தகத்தின் "நிகர லாபம் 2". ஏடிபி என்ற பொருளே தெரியாத காலத்தில் அதன் எண்ணிக்கையைச் சரியாக அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். மேயர்ஹோஃப் யூதர் என்பதால் 1938-ல் ஜெர்மனியை விட்டு பாரிசுக்குப் போனார், 1940-ல் அங்கிருந்தும் தப்பி அமெரிக்காவில் ஃபிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அங்கே 1945-ல், ஹார்டன் இறந்து ஐந்து வருடம் கழித்து, அவர் இதைச் சோதித்தார். காய்ந்துபோன சாற்றுக்கு இல்லாதது ஏடிபியைச் செலவழிக்கும் வழி என்றால், அதைக் கொடுத்துப் பார்க்கலாமே? உருளைக்கிழங்கிலிருந்து ஏடிபியை உடைக்கும் ஒரு நொதியை எடுத்து ஈஸ்ட் சாற்றில் சேர்த்தார். சம்பாதித்ததெல்லாம் உடனுக்குடன் உடைந்து பாஸ்பேட் விடுதலையாகிக்கொண்டே இருந்தது. எஸ்டர் குவியவில்லை, வேகம் விழவில்லை, சர்க்கரை தீரும் வரை சாறு நுரைத்துக்கொண்டே இருந்தது.